கன்னி மூலை

அத்தையின் அழைப்பு வந்தபோது, ஜெர்மனியில் நான் படிக்கும் மக்டபர்க்கில் காலை ஆறு பத்து. ஜனவரியில் இந்த ஊரில் எட்டு மணிக்கு முன்னால் விடியாது. பார்சல் கிடங்கில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து படுத்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. இருட்டோடு ஊரிலிருந்து போன் வந்தால் முதலில் வயிற்றைத்தான் பிசையும். போன ஆவணியில் மாமா தவறிய செய்தியும் இப்படி ஒரு நேரத்தில்தான் வந்தது.

எடுத்தேன். திரை முழுக்கக் கறுப்பு. ஓரத்தில் ஒரு கம்மல் கல் மட்டும் மின்னியது.

“அத்தை, இது வீடியோ கால். காதுல வைக்காதீங்க, முகத்துக்கு நேரா பிடிங்க.”

கம்மல் நகர்ந்து கன்னம் வந்தது, நெற்றி வந்தது, கடைசியில் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியில் போய் நின்றது. பாளையங்கோட்டையில் பத்து நாற்பது ஆகியிருக்கும். பின்னணியில் யாரோ கோலப்பொடி விற்றுக்கொண்டு போனார்.

“மருமவனே, தூங்கிட்டிருந்தியா?”

“இல்ல அத்தை, சொல்லுங்க.”

“கரண்ட் பில்லு கட்டணும். பக்கம் தொறக்க மாட்டேங்கு. என்னமோ இங்கிலீஸ்ல போட்டு அப்படியே நிக்கு. இன்னைக்குத்தான் கடைசி நாளு.”

“எவ்வளவு?”

“260 யூனிட். 100 போக மிச்சத்துக்கு 517 ரூவா.”

கணக்கை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார். ரூபாய் ஐந்நூற்றுச் சொச்சம். என் ஊர்க் கணக்கில் அந்த அளவுக்குப் பணம் கிடந்தது. இணைப்பு எண்ணைச் சொன்னால் போர்வைக்குள்ளிருந்தே இரண்டு நிமிடத்தில் கட்டிவிட்டுத் திரும்பப் படுத்துவிடலாம்.

“நானே கட்டிரட்டுமா?”

மின்விசிறி இரண்டு மூன்று சுற்று சுற்றியது.

“அதுக்கு உன்னை ஏம்பா எழுப்புதேன்? கார்த்தி கட்ட மாட்டானா?”

கார்த்தி என் அத்தை மகன், பெங்களூரில் இருக்கிறான். மாமா காரியம் முடிந்த மூன்றாம் நாளே கரண்ட், கேஸ், டெலிபோன் எல்லாவற்றையும் தன் போனுக்கு மாற்றிக்கொண்டு போனான். நல்ல மனதோடுதான் செய்தான். ஆனால் அதற்குப் பிறகு எவ்வளவு பில் வந்தது, எப்போது கட்டினான் என்பதெல்லாம் அத்தைக்குத் தெரியாமல் போனது. பால் கணக்கைக் காலண்டரில் குறித்து மாதக் கடைசியில் பால்காரரையே திணறடிக்கிறவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! கேட்டால், “அதெல்லாம் உனக்கெதுக்கும்மா, விடு” என்பானாம். இந்த முறை, நானே கட்டுகிறேன், நீ தொடாதே என்று அவனிடம் சொல்லியாயிற்று. இப்போது போய் உதவி கேட்க முடியாது.

“சரி, கம்ப்யூட்டரைக் காட்டுங்க. கேமரா படம் போட்ட பட்டன் ஒண்ணு இருக்கும், அதைத் தொடுங்க.”

மாமாவின் பழைய லேப்டாப் சாப்பாட்டு மேசையில் இருந்தது. ஆவணிக்குப் பிறகு அதை யாரும் திறக்கவில்லை. போனிலேயே கட்டலாமே என்றதற்கு, போனில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது என்றார். போனை ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைக்கச் சொன்னேன். முதலில் நார்த்தங்காய் தெரிந்தது. பிறகு திரை தெரிந்தது, அதன்மேல் முற்றத்து வெயில். துண்டை எடுத்து ஜன்னலில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இப்ப என்ன எழுதியிருக்குன்னு படிங்க அத்தை.”

அத்தை அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்தார். “யுவர்... கிளாக்... இஸ்... பிஹைண்ட்.” கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “ஆமாப்பா, கடியாரம் எனக்குப் பின்னாடிதான் மாட்டியிருக்கு. இதுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

சிரித்தால் கோபித்துக்கொள்வார் என்று போர்வையை வாயில் வைத்துக்கொண்டேன். கீழே சின்ன எழுத்தில் NET::ERR_CERT_DATE_INVALID என்று இருந்தது. பக்கத்தில் பழுதில்லை, லேப்டாப்பில்தான் தேதி தப்பு.

“வலது பக்கம் கீழ் மூலையில மணி போட்டிருக்கும், பாருங்க.”

“வலதுன்னா உன் வலதா, என் வலதா?”

“உங்க வலது.”

“எதுக்க இருந்து பாக்க உனக்கு அது இடதுல்லா?”

“நானும் உங்க பக்கமிருந்துதான் அத்தை பாக்கேன்.”

கை மேலும் கீழும் அலைந்தது. சுட்டி அம்பு எங்கோ போய் ஒளிந்துகொண்டது. நான் வலது என்றேன், அவர் கை இடது போனது. கீழே என்றால் மேசைக்குக் கீழே குனிந்தார். பிறகு அவரே கேட்டார்: “கிழக்கப் பாத்துத்தான் உக்காந்திருக்கேன். அந்த மூலை எந்தத் திசைன்னு சொல்லு.”

லேப்டாப் திரையைத் தரையில் விரித்த வீட்டுப் படமாக நினைத்துப் பார்த்தேன். கிழக்கு மேலே. அப்படியென்றால் வலது கை தெற்கு, கீழே மேற்கு.

“தென்மேற்கு, அத்தை.”

“கன்னி மூலைன்னு சொல்ல வேண்டியதுதானே! பிள்ளையார் இடம்.”

அம்பு நேராகப் போய் அங்கே நின்றது. தேதி 01-01-2011 என்றிருந்தது.

லேப்டாப்பின் உள்ளே நாணயம் மாதிரி ஒரு சின்ன பேட்டரி உண்டு. கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் நேரத்தை ஓட்டிக்கொண்டிருப்பது அதுதான். அது செத்துப்போய் வருடக்கணக்காகியிருக்க வேண்டும். மாமா எப்போதும் பிளக்கைப் பிடுங்காமல் வைத்திருந்ததால் வெளியே தெரியவில்லை. ஐந்து மாதம் பிளக் இல்லாமல் கிடந்ததில் பெரிய பேட்டரியும் வற்றிப்போய், கடிகாரம் முதல் தேதிக்கே திரும்பிவிட்டது.

“தேதி தப்பா இருந்தா இதுக்கு என்னவாம்? பில்லு கட்டுறது நான்லா?”

“பில் கட்டுற பக்கம், தான் உண்மையான பக்கம்தான்னு ஒரு சர்டிபிகேட்டைக் காட்டும் அத்தை. அதுல எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு இருக்கும். இது 2011-ன்னு நினைச்சுக்கிட்டிருக்கு. அந்தச் சர்டிபிகேட் இதுக்குப் பொறக்கவே இல்ல.”

“கல்யாணத்துக்கு முந்தி வளைகாப்புப் பத்திரிகை வந்தா மாதிரி.”

“அதேதான்.”

“சந்தேகப்படத்தான் செய்யும்” என்று லேப்டாப்பின் பக்கம் பேசினார்.

தேதியின் மேல் வலது பட்டனை அழுத்தச் சொல்லி, நேரம் மாற்றுகிற இடத்துக்குப் போய், தானாகச் சரிசெய்துகொள்ளும் பொத்தானைத் தள்ள வைத்தேன். எழுத இரண்டு வரி, செய்யப் பதினைந்து நிமிடம். இதற்கிடையில் சுலபமான வழி ஒன்று என் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. அங்கிருக்கும் திரையை இங்கிருந்தே இயக்கும் செயலியை அவரைப் போடச் சொல்லிவிட்டால் எல்லாவற்றையும் நானே செய்துவிடலாம்.

“திங்கக்கிழமை ராத்திரி ஒரு மெசேஜ் வந்துச்சு” என்றார் அத்தை, நான் கேட்காமலே. “பில்லு கட்டலை, இன்னைக்கு ஒன்பதரைக்குக் கரண்டைக் கட் பண்ணுதோம், ஆபீசரை இந்த நம்பர்ல கூப்பிடுன்னு.”

எனக்குத் தூக்கம் போய்விட்டது. “கூப்பிட்டீங்களா?”

“கை போயிட்டுது. அப்புறம் வெள்ளை அட்டையை எடுத்துப் பாத்தேன். கணக்கெடுத்த தேதியிலேருந்து 20 நாள் எண்ணினா இன்னும் மூணு நாளு கெடக்கு. அதுக்குள்ள எப்படிப் பிடுங்குவான்? ஆபீசர்ங்கான், சாதா செல் நம்பரு. பேசாமப் படுத்துட்டேன்.”

கூப்பிட்டிருந்தால் அந்த ஆபீசரும் இதே மாதிரி ஒரு செயலியைத்தான் போடச் சொல்லியிருப்பான். சுலபமான வழியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

தேதி மாறியது. பக்கத்தைத் திரும்ப ஏற்றச் சொன்னேன். இந்தத் தடவை திறந்தது. அத்தை கையைத் துடைத்துக்கொண்டார், எதற்கென்று தெரியவில்லை. இணைப்பு எண்ணை ஒற்றை விரலால் அடித்தார். தவறான எண் என்று வந்தது. அட்டையை கேமராவுக்கு நேரே காட்டச் சொன்னேன்.

“முதல்ல ஒரு பூஜ்யம் இருக்கே அத்தை, போட்டீங்களா?”

“முன்னாடி வார பூஜ்யத்துக்கு ஏது மதிப்பு?”

“இதுல உண்டு.”

போட்டார். மாமாவின் பெயர் வந்தது, பக்கத்தில் 517. பெயர் மாற்ற இன்னும் மனு கொடுக்கவில்லை. அத்தை அந்தப் பெயரைப் படித்தார், இனிஷியலோடு. நான் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே டிராம் ஒன்று வெளிச்சமாகப் போனது.

“அடுத்தது என்ன?” என்றார்.

ஏ.டி.எம். அட்டை எண்ணை அடிக்கும்போது நானே என் போனைக் கவிழ்த்து வைத்தேன். முடிந்ததும் சொல்லுங்கள் என்றேன். ஓ.டி.பி. வந்தது, நாங்கள் பேசிக்கொண்டிருந்த அதே போனுக்கு. மெசேஜைத் திறந்ததும் வீடியோ நின்று போய்விட்டது. குரல் மட்டும் வந்தது.

“வந்துட்டுப்பா. நாலு, எட்டு...”

“அத்தை, சொல்லாதீங்க!”

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைப் பையன் சுவரைத் தட்டினான்.

“உன்கிட்டயுமா?”

“என்கிட்டயும்தான். கார்த்திகிட்டயும்தான்.”

“கார்த்திகிட்டயும்” என்று அவர் திருப்பிச் சொன்ன விதத்தில் ஒரு திருப்தி இருந்தது. மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஆறு எண்ணையும் அடித்தார். வட்டம் சுற்றியது. எதையும் தொடாதீங்க என்றேன். தொடலை என்றார். திரும்ப நின்றுவிட்டதோ என்று இருவருக்கும் தோன்றிய நேரத்தில் ரசீது வந்தது.

அதை எப்படிச் சேமிப்பது என்று நான் சொல்லத் தொடங்குவதற்குள் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்துவிட்டார். போனை மறுபடி நிமிர்த்தி வைத்திருந்தார். பேனா ஓடுவது தெரிந்தது. ‘1. பிளக் போடு. 2. கன்னி மூலையில் தேதி பார். 3. பூஜ்யம் விடாதே. 4. நம்பர் வந்தால் வாயைத் திறக்காதே.’

“கார்த்திகிட்ட சொல்லாதே” என்று வைத்துவிட்டார்.

அந்தச் சின்ன பேட்டரியை மாற்றிவிடச் சொன்னேன். மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் கொடுத்து மாற்றியும் விட்டார், பழைய பேட்டரியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தாராம்.

மார்ச்சில் ஒரு நாள் விரிவுரையின் நடுவே போன் அதிர்ந்தது. லேப்டாப் திரையின் படம், கொஞ்சம் சாய்ந்து. ரசீது. 432 ரூபாய். கீழே வலது மூலையில் தேதி சரியாக இருந்தது. அதைச் சுற்றி விரலால் வட்டம் வேறு போட்டிருந்தார். அடுத்து ஒரு குரல் பதிவு வந்தது. வகுப்பு முடிந்து வராந்தாவில் நின்று கேட்டேன்.

“மருமவனே, கட்டியாச்சு. சாப்பிட்டியா? அப்புறம், கார்த்திக்கு ஆபீஸ் லேப்டாப்புல என்னமோ தொறக்க மாட்டேங்காம், காலையிலேருந்து முழிச்சுக்கிட்டு இருக்கான். நான் சொல்லிட்டேன், எந்தத் திசையைப் பாத்து உக்காந்திருக்கன்னு மொதல்ல பாருலேன்னு.”