செம்பதிப்புல இருக்கற அச்சுப்பிழைகள் பத்தி

பதிப்பாசிரியருக்கு வணக்கம்,

நீங்க செம்பதிப்புனு அட்டையில போட்டு கொண்டு வந்திருக்கீங்களே செல்லம்மா நாவல், அதை வாங்கி முழுசா படிச்சிட்டுதான் எழுதறேன். எனக்கு உயிரான நாவல் அது, பழைய பதிப்பு தாள் பொடிஞ்சு போனதால புதுசு வருதுன்னதும் அவ்ளோ சந்தோஷமா ஆர்டர் போட்டேன், ஆனா படிக்க படிக்க மனசே விட்டுப்போச்சு.

பழைய புத்தகத்தை ஸ்கேன் பண்ணி எழுத்தா மாத்தி அப்படியே அச்சுக்கு அனுப்பிட்டீங்கனு பாத்தாலே தெரியுது. ர வரவேண்டிய இடத்துல கால், கால் வரவேண்டிய இடத்துல ர, "பார்த்தாள்" பல பக்கத்துல "பரர்த்தாள்"னு கிடக்கு. பாட்டி கொல்லைக்கு போறதுக்கு பதிலா கொள்ளைக்கு போறா. வரி உடையற இடத்துல புள்ளி வெச்ச எழுத்து தனியா அடுத்த வரி ஆரம்பத்துல வந்து நிக்குது. இதெல்லாம்கூட வாசகர் தானா திருத்திக்கிட்டு படிச்சிடுவாங்க, விடுங்க.

என்னால தாங்க முடியாதது பேச்சு வழக்குல கை வெச்சதுதான். கடைசிக்கு முந்தின அத்தியாயத்துல, அத்தனை வருஷம் கழிச்சு அண்ணன் வாசல்ல வந்து நிக்கும்போது செல்லம்மா சொல்றது ஒரே வரி, "நான் எதையும் மறக்கல". உங்க புத்தகத்துல அது "நான் எதையும் மறக்கலாம்"னு இருக்கு. யாரோ ஸ்பெல்செக் சொன்ன வார்த்தையை யோசிக்காம ஓகே பண்ணிருக்காங்க, நாவல் மொத்தமும் எதை நோக்கி வந்துச்சோ அது அப்படியே தலைகீழா போச்சு. முதல் தடவை படிக்கறவங்க அவ அண்ணனை மன்னிச்சிட்டானு நினைச்சிட்டு மூடி வெச்சிடுவாங்க, தப்புன்னே தெரியாது. எழுத்தாளர் உயிரோட இல்ல, அவருக்காக இதை யார் கேக்கறது சொல்லுங்க.

இன்னொண்ணு, அத்தியாயத்துக்கு நடுவுல காலம் தாண்டற இடத்துல பழைய பதிப்புல மூணு நட்சத்திரம் இருக்கும், அதையெல்லாம் எடுத்துட்டீங்க. அதனால செல்லம்மா ஒரு பத்தியில பாவாடை கட்டின பொண்ணு, அடுத்த பத்தியில பேரன் எடுத்தவ, நடுவுல மூச்சு விட இடமே இல்ல.

மூலத்தை ஒருத்தர் சத்தமா வாசிக்க, இன்னொருத்தர் புரூஃபை பாத்துக்கிட்டே வர்றதுதானே பழைய முறை, நிறுத்தக்குறி வரைக்கும் சொல்லி படிப்பாங்க. அதை ஒரு தடவை செஞ்சிருந்தா இதுல பாதி தப்பு அங்கயே மாட்டியிருக்கும். செம்பதிப்புனு போடணும்னா எந்த பதிப்பை மூலமா வெச்சீங்க, யார் ஒப்பிட்டு பாத்தாங்கனு முன்னுரையில இருக்கணும், இதுல ஒண்ணுமே இல்ல.

நான் கேக்கறது இதுதான். விக்காம கையில இருக்கற பிரதிகள்ல, குறைஞ்சது அந்த செல்லம்மா வரிக்காவது, ஒரு பிழைதிருத்த தாள் அச்சடிச்சு உள்ள வைங்க. அடுத்த அச்சுக்கு முன்னாடி ஃபைலை முதல் பதிப்போட ஒப்பிட்டு சரி பண்ணுங்க, ஏற்கனவே வாங்கினவங்களுக்கு நல்ல பிரதியா மாத்தி குடுங்க. என் பிரதியில பக்கம் பக்கமா பென்சில்ல குறிச்சு வெச்சிருக்கேன், முக்கியமான பக்கங்களோட படம் இதோட இணைச்சிருக்கேன், முழு புத்தகமும் வேணும்னா கூரியர்ல அனுப்பறேன், திருப்பி குடுத்தா போதும். எப்போ சரி பண்ணுவீங்கனு பதில் போடுங்க.

இப்படிக்கு,
உங்க புத்தகங்களை ரொம்ப நாளா வாங்கிட்டு வர்ற வாசகி