கல்லூரி நூல்நிலைய மேம்பாடு: பரிந்துரை அறிக்கை

பெறுநர்: கல்லூரி முதல்வர்
வழி: தலைமை நூலகர்
அனுப்புநர்: செயலாளர், தமிழ்மொழிக் கழகம் (நூல்நிலையக் குழுவின் மாணவர் பிரதிநிதி)
இடம்: கோலாலம்பூர்
நாள்: 28 ஜூலை 2025

அறிக்கையின் நோக்கம்

நூல்நிலையத்தை மாணவர்கள் எவ்வாறு பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து, அடுத்த பருவத்திலேயே செய்யக்கூடிய மேம்பாடுகளைப் பரிந்துரைக்குமாறு நூல்நிலையக் குழு சென்ற மாதம் என்னைக் கேட்டுக்கொண்டது. அதன்படி ஜூலை 7 முதல் 18 வரை பத்து வேலை நாளும் வகுப்பில்லாத நேரங்களில் அங்கேயே இருந்தேன். பணியாளர்கள் மூவரிடமும், மூன்று துறைகளைச் சேர்ந்த மாணவர்களிடமும் பேசினேன். தலைமை நூலகரின் அனுமதியோடு தமிழ் அடுக்குகள் முழுவதையும் ஒவ்வொரு நூலாக எடுத்துப் பார்த்தேன்.

புது நூல்கள் வாங்க வேண்டும் என்று எழுதும் எண்ணத்தோடுதான் இந்த வேலையைத் தொடங்கினேன். பத்து நாள் கழித்து அந்த எண்ணம் மாறிவிட்டது. நம்மிடம் நல்ல நூல்கள் இருக்கின்றன. அவை மாணவர் கைக்குப் போய்ச் சேராததே குறை. ஆகவே இருப்பதைக் காப்பாற்றி எடுத்துக் கொடுக்கும் வழிகளையே இந்த அறிக்கை முதன்மையாகப் பேசுகிறது.

தேடினால் கிடைக்காத நூல்கள்

ஜூலை 9ஆம் தேதி முதலாண்டு மாணவி ஒருவர் கணினி நூற்பட்டியலில் சிலப்பதிகாரத்தைத் தேடினார். தமிழில் தட்டினார், ஒன்றும் வரவில்லை. பிறகு தாம் பள்ளியில் எழுதிப் பழகிய முறையில் Silapathigaram என்று தட்டினார். ஒரு நூல் வந்தது. அதை யாரோ இரவல் பெற்றிருந்தார்கள். மாணவி எழுந்து போய்விட்டார். அதே நேரத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த அடுக்கில் சிலப்பதிகார உரைப் பதிப்புகள் இரண்டு இருந்தன. ஒன்று Cilappatikaram என்றும் மற்றொன்று Silappathikaram என்றும் பதிவாகியிருந்ததால் அவர் தேடலில் அவை சிக்கவில்லை.

இது ஒரு நூலின் கதை மட்டும் அல்ல. பாரதியார் நம் பட்டியலில் Bharathiyar, Bharati, Paratiyar என்று மூன்று ஆளாக இருக்கிறார். ஓர் ஆசிரியரின் எல்லா நூல்களையும் பார்க்க நினைக்கும் மாணவர், அவர் பெயரை எத்தனை விதமாக ரோமன் எழுத்தில் எழுதலாம் என்று முதலில் யோசிக்க வேண்டியிருக்கிறது. திருக்குறள் உரைகளின் நிலையை நான் விரித்து எழுதத் தேவையில்லை.

இதற்குப் பணியாளர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. பழைய மென்பொருளில் தமிழ் எழுத்தே வராது. மூவரில் எவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. நன்கொடையாக வந்த நூல்களை அந்தந்தக் காலத்தில் கிடைத்த மாணவர் படித்துச் சொல்ல, அவர் சொன்னபடியே பதிந்திருக்கிறார்கள். இவ்வளவு நூல்கள் பட்டியலில் ஏறியிருப்பதே அவர்களுடைய பொறுமையால்தான்.

இப்போதுள்ள மென்பொருள் யூனிகோடை ஏற்கிறது. ஜூலை 15ஆம் தேதி தலைமை நூலகர் முன்னிலையில் ஒரு பதிவைத் திறந்து, ரோமன் தலைப்பை அழிக்காமல், அதற்கு இணையான தமிழ்த் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் சேர்த்தோம். மார்க் 21 பதிவு முறையில் இதற்கென்றே 880 என்ற புலம் இருக்கிறது. சில நிமிடம் கழித்துத் தமிழில் தேடினோம். நூல் திரையில் வந்து நின்றது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

ஆகவே என் முதல் பரிந்துரை: தமிழ்ப் பிரிவில் உள்ள ஏறத்தாழ 2,400 தலைப்புகளுக்கும் தமிழ் எழுத்தில் இணைப் பதிவு செய்ய வேண்டும். பழகிய கை ஒரு மணி நேரத்தில் 12 பதிவுகளைத் திருத்தலாம். மொத்தம் 200 மணி நேர வேலை. தமிழ்த் துறை மாணவர்கள் நால்வருக்கு இதைப் பகுதி நேரப் பணியாகக் கொடுத்து, துறை விரிவுரையாளர் ஒருவர் சரிபார்த்தால் ஒரு பருவத்துக்குள் முடிந்துவிடும். ரோமன் எழுத்துக்கும் இனி ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும். எந்த முறை என்பதைத் தலைமை நூலகரே முடிவு செய்யலாம். ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பணியாற்றிய எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. அந்த மாணவி இழந்தது நேரத்தை மட்டும் அல்ல. நம் நூல்நிலையத்தில் தமிழ் நூல் கிடைக்காது என்ற எண்ணத்தோடு அவர் வெளியே போனார். அப்படிப் போனவர் திரும்பி வருவது அரிது.

மேற்குச் சுவர் அடுக்கு

894.811 என்ற எண்ணுக்குரிய தமிழ் இலக்கிய நூல்கள் தரைத்தளத்தின் மேற்குச் சுவரை ஒட்டி அடுக்கப்பட்டிருக்கின்றன. குளிரூட்டியின் குழாய் அந்தச் சுவர் வழியாகத்தான் போகிறது. வெள்ளிக்கிழமை மாலை குளிரூட்டியை நிறுத்தினால் திங்கட்கிழமை காலைவரை அறை மூடியே கிடக்கும். குளிர்ந்திருந்த சுவரில் நம் ஊர் ஈரக்காற்று பட்டு வேர்க்கிறது. ஜூலை 14 திங்கள் காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்ததும் முதலில் முகத்தில் அடித்தது பூஞ்சை வாடை. கீழ்த்தட்டு நூல்களின் பின்பக்கத்தைத் தொட்டால் விரல் பிசுபிசுத்தது.

அந்தக் கீழ்த்தட்டில் இருந்து ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்தேன். மலேசிய எழுத்தாளருடையது, ஆசிரியரே கையெழுத்திட்டு நம் கல்லூரிக்குக் கொடுத்த படி. தைத்திருந்த கம்பி துருப்பிடித்து நடுத்தாள்களில் செங்கறையாக இறங்கியிருந்தது. கடைசிப் பதினாறு பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. அட்டைக்கும் முதல் தாளுக்கும் நடுவில் இராமபாணப் பூச்சி அரித்த பள்ளங்கள். கையெழுத்து மட்டும் நீல மையில் இன்னும் தெளிவாக இருந்தது.

இதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த நாட்டுத் தமிழ் எழுத்தாளர்களின் நூல்கள் பெரும்பாலும் சில நூறு படிகளே அச்சாகின்றன. மறுபதிப்புக் காண்பவை மிகக் குறைவு. தமிழ்நாட்டு நூல் ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். பண்டை இலக்கியங்களை 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகளின் வழியாக இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். நம் நாட்டு எழுத்துக்கு அந்த வசதி மிகவும் குறைவு. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது. அதன் ஞாயிறு மலர்களில் சிலவற்றை யாரோ ஒரு நல்லவர் நறுக்கிக் கோத்து நம் நூல்நிலையத்துக்குத் தந்திருக்கிறார். அவையும் அதே கீழ்த்தட்டில்தான் கிடக்கின்றன. 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்த நகரத்தில் இருக்கும் கல்லூரி நம்முடையது. இந்தத் தாள்களை நாம் காப்பாற்றாவிட்டால் வேறு யாரும் வந்து காப்பாற்றப் போவதில்லை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. அடுக்கை அந்தச் சுவரிலிருந்து அகற்றி நடுக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இது ஒரு சனிக்கிழமை வேலை, தமிழ்மொழிக் கழகத்தினர் செய்து தருகிறோம். ஈரம் உறிஞ்சும் கருவிகள் இரண்டும் ஈரப்பத அளவி நான்கும் வாங்க வேண்டும். ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் ஏறாதபடி பார்த்துக்கொண்டால் பூஞ்சை வளராது. வார இறுதியிலும் கருவிகள் ஓட வேண்டும் என்பதால் அவற்றுக்குத் தனி மின்னிணைப்புத் தேவை. ஏற்கெனவே நனைந்த நூல்களைத் தனியே பிரித்து விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். அவற்றை வெயிலில் போட்டுவிடக் கூடாது. தாள் மொரமொரப்பாகி உடைந்துவிடும். அரிய நூல்களை மின்வருடிப் பாதுகாப்பதற்கு, எழுத்தாளர்களிடமோ அவர்கள் குடும்பத்தாரிடமோ எழுத்து மூலம் ஒப்புதல் பெற வேண்டும்.

மாலை நேரம்

நூல்நிலையம் மாலை 4.45க்கு மூடப்படுகிறது. வாரத்தில் மூன்று நாள் வகுப்புகள் 4.30க்கு முடிகின்றன. மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் விளக்கை அணைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கிள்ளானிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் வருகிறவர்கள் அந்த நேரத்தில் கேஎல் சென்ட்ரலில் நெரிசலான ரயிலுக்குக் காத்து நிற்கிறார்கள். ஏழரைக்குப் பிறகு ரயில் காலியாக இருக்கும். அதுவரை படித்துவிட்டுப் போக ஓர் இடம் வேண்டும் என்று பலர் கேட்டார்கள். விடுதியில் அறைக்கு நால்வர். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மேசையே இல்லை.

திங்கள் முதல் வியாழன் வரை இரவு எட்டு மணி வரை தரைத்தளத்தை மட்டும் திறந்து வைக்கலாம் என்று பரிந்துரைக்கிறேன். மாணவ உதவியாளர் இருவர் இருந்தால் போதும். பாதுகாவலர் எப்படியும் பத்து மணி வரை வாயிலில் இருக்கிறார். ஒரு பருவம், அதாவது 14 வாரம், சோதனையாக நடத்தி, எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்யலாம்.

சிறு தேவைகள்

64 இருக்கைகளுக்கு ஆறு மின்செருகிகள்தான் உள்ளன. சுவரோர மேசைகளில் மேலும் பன்னிரண்டு அமைத்தால் போதும். மேல்தளத்தில் பயன்படாமல் இருக்கும் சரக்கறையைக் கலந்துரையாடல் அறையாக்கலாம்.

குழுவில் சிலர் கைக்கணினிகள் பத்து வாங்கலாம் என்றார்கள். அது தவறான யோசனை அல்ல. ஆனால் இந்த ஆண்டு வேண்டாம் என்பது என் கருத்து. ஈரத்தில் கிடக்கும் நூல்கள் அடுத்த ஆண்டுவரை தாங்காது. கைக்கணினிகள் அடுத்த ஆண்டும் கடையில் கிடைக்கும்.

செலவு

ஈரம் உறிஞ்சும் கருவிகள், அளவிகள், மின்னிணைப்பு ஆகியவற்றுக்கு 3,200 ரிங்கிட் ஆகலாம். நூற்பட்டியல் திருத்தத்துக்கு மணிக்கு 9 ரிங்கிட் வீதம் 200 மணி நேரத்துக்கு 1,800 ரிங்கிட். மாலை நேர உதவியாளர் இருவருக்கும் அதே வீதத்தில் 364 மணி நேரத்துக்கு 3,276 ரிங்கிட். ஆக மொத்தம் 8,276 ரிங்கிட். மின்செருகிகளையும் கலந்துரையாடல் அறையையும் கல்லூரியின் வழக்கமான பராமரிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் அவற்றை இதில் கணக்கிடவில்லை.

இவற்றில் ஒன்றுக்கு மட்டுமே இப்போது ஒப்புதல் தர இயலும் என்றால், மேற்குச் சுவர் அடுக்கை முதலில் எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆகஸ்டு 9 சனிக்கிழமை அடுக்குகளை இடம் மாற்ற மாணவர்கள் இருபது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அன்று காலை எட்டு மணிக்கு நூல்நிலையத்தைத் திறந்துவிட முதல்வர் அவர்கள் அனுமதிக்க வேண்டும்.

அறிக்கை தயாரித்தவர்,
செயலாளர்,
தமிழ்மொழிக் கழகம்.