நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் 640 டாலர் குறித்து

குடியாத்தம்,
12 ஜூன் 2025

அன்புள்ள சிவநேசன் அண்ணா,

வணக்கம். நீங்கள் 3ஆம் தேதி அனுப்பிய 640 கனடா டாலர் இன்னும் என் பேங்க் கணக்கில் ஏறவில்லை. நீங்கள் அனுப்பியதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. பணம் நடுவில், பேமென்ட் தளத்தில் நிற்கிறது. எப்போது திறந்து பார்த்தாலும் “Under review” என்றே காட்டுகிறது.

அவர்கள் கேட்பது இரண்டு. முதலாவது என் பெயர். பேங்க் பாஸ்புக்கில் R. KAVITHA. பான் கார்டு எடுத்தபோது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னதால் அதில் KAVITHA RAJENDRAN. இரண்டும் ஒருவரே என்று மேனேஜரிடம் சீல் வைத்த கடிதம் வாங்கி, திங்கட்கிழமையே ஏற்றிவிட்டேன். அந்த R என் அப்பாதான் என்று நிரூபிக்க அரை நாள் பேங்க்கில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவதற்கு உங்கள் உதவி வேண்டும். பணம் அனுப்பும்போது காரணம் என்ற இடத்தில் “Family support” என்று தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். தங்கை என்ற அன்பில்தான் போட்டிருப்பீர்கள். ஆனால் நான் கொடுத்த பில்லில் புத்தக வடிவமைப்பு என்று இருக்கிறது. அதனால்தான் உங்கள் மெயிலுக்கும் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்களாம், ஸ்பேமில் பாருங்கள். இது தமிழ்ப் பள்ளிப் பாடநூல் வேலைக்கான கூலி என்று இரண்டு வரி எழுதி, இத்துடன் வைத்திருக்கும் பில்லையும் சேர்த்து அனுப்பினால் போதும்.

தயவுசெய்து கேன்சல் செய்துவிடாதீர்கள். பணம் உங்களுக்குத் திரும்பி வர நாளாகும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். காட்பாடியில் இருக்கும் உங்கள் மச்சானிடம் ரூபாயாகக் கொடுக்கச் சொல்லட்டுமா என்று நேற்று போனில் கேட்டீர்கள். அந்த மனசுக்கு நன்றி அண்ணா, ஆனால் அது வேண்டாம். வெளிநாட்டுக்காரர் தர வேண்டிய பணத்தை இங்கே ஒருவர் கையில் கொடுத்துத் தீர்ப்பதை அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதோடு, டாலராக பேங்க் வழியாக வந்தால்தான் வெளிநாட்டு வருமானம் என்று நான் கணக்குக் காட்ட முடியும்.

அவசரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். படம் வரைந்த ஆரணித் தம்பிக்கு 8,000 ரூபாயை என் கையிலிருந்து கொடுத்துவிட்டேன், அடுத்த வாரம் வீட்டு வாடகை கட்ட வேண்டும். முடிந்தால் நாளைக்குள் அந்த மெயிலுக்குப் பதில் போடுங்கள். உங்கள் காலை ஒன்பது எனக்கு மாலை ஆறரை. அந்த நேரத்தில் கூப்பிட்டால் இருவரும் திரையைப் பார்த்தே முடித்துவிடலாம்.

பிரிண்ட் ஃபைலை இதற்காக நிறுத்தி வைக்கவில்லை, இன்றே அனுப்பிவிட்டேன். 41ஆம் பக்கத்தில் ‘கொக்கு’வின் துணைக்கால் அடுத்த வரிக்குத் தாவியிருந்ததைச் சரிசெய்தாயிற்று. அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
இரா. கவிதா