பொறுப்புத் தலைமையாசிரியராக ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய முதல் உரை

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கும் அலுவலகப் பணியாளர்களுக்கும் என் வணக்கம்.

ஒன்பது ஆண்டுகளாக இதே அறையில் உங்களோடு அமர்ந்து இயற்பியல் விடைத்தாள் திருத்தியவள், இன்று உங்கள் எதிரே நின்று பேசுகிறேன். நம் தலைமையாசிரியர் ஐயா மாவட்டக் கல்வி அலுவலராகப் பதவி உயர்வு பெற்றுச் சென்றதையடுத்து, முதுநிலை ஆசிரியர்களில் பணியில் மூத்தவர் என்ற முறையில், முழுக் கூடுதல் பொறுப்பை எனக்கு வழங்கி முதன்மைக் கல்வி அலுவலர் ஆணையிட்டுள்ளார். ஆணையின் நகல் இந்த மேசைமீது இருக்கிறது. கலந்தாய்வு வழியாகப் புதியவர் பணியேற்கும்வரை என்பதே அதிலுள்ள காலவரையறை. அது இரண்டு மாதமா, கல்வியாண்டு முடியும் வரையிலா என்பது எனக்கும் தெரியாது.

நேற்று இரண்டு பேர் என்னிடம் நேரிடையாகவே கேட்டார்கள், கேட்டதற்கு நன்றி சொல்கிறேன்: "டீச்சர், நீங்கள் போடும் கையெழுத்து செல்லுமா? இல்லை, புதியவர் வந்து எல்லாவற்றையும் மாற்றுவாரா?" கையெழுத்து செல்லும். முத்திரையின்கீழ் 'பொறுப்பு' என்று ஒரு சொல்லை நான் பேனாவால் சேர்க்கிறேன். அதனால் மாற்றுச் சான்றிதழோ, விடுப்பு அனுமதியோ, சம்பளப் பட்டியலோ அரைகுறையாகிவிடாது. சம்பளப் பட்டியலில் ஒப்பமிடும் அதிகாரமும் இதே ஆணையில் உள்ளது என்பதால், இம்மாதச் சம்பளம் தாமதமாகுமோ என்ற கவலை யாருக்கும் வேண்டாம்.

இரண்டாவது கேள்வி நியாயமானது. வகுப்புப் பங்கீடு, பாடவேளை அட்டவணை, பொறுப்பாசிரியர் நியமனங்கள் ஆகியவை ஜூனில் உங்களோடு பேசி முடிவானவை. அவற்றை நான் தொடமாட்டேன். அடுத்த ஆண்டுக்கு ஆங்கில வழிப் பிரிவு தொடங்கும் யோசனையும் புதிய தலைமையாசிரியருக்கே உரியது. ஆனால் காத்திருக்க முடியாத வேலைகளை, அவர் வரட்டும் என்று ஒத்திப்போட எனக்கு மனமில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் இதேபோல் பொறுப்பில் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், ஆனால் எந்தக் கோப்பையும் தொட அஞ்சினார். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை பெயரின் முன்னெழுத்து, பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலில் தவறாக இருந்தது. வகுப்பாசிரியர் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுத்த அந்தத் தாள், திருத்தத்துக்கான நாள் கடந்த பிறகும் மேசைக் கண்ணாடியின்கீழ் அப்படியே கிடந்தது. மதிப்பெண் சான்றிதழ் தவறான எழுத்தோடு வந்தது. கூலி வேலையை விட்டுவிட்டு, மகளுடன் அலுவலகம் அலுவலகமாக அலைந்த அந்தத் தாயின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வட்டமிட்டுக் கொடுத்த வகுப்பாசிரியர் நான்தான். தலைமையாசிரியர் பணியிடம் காலியாக இருக்கலாம்; மார்ச்சில் தேர்வெழுதப்போகும் பிள்ளைக்கு அந்த ஆண்டு ஒருமுறைதான் வரும்.

ஆகவே நம் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலை நாளை முதல் பாடவேளையிலேயே வகுப்பாசிரியர்கள் மாணவர் கையில் கொடுத்து, பெயர், பிறந்த தேதி, புகைப்படம், பாடத் தொகுதி ஆகியவற்றை அவர்களே படித்துப் பார்த்துக் கையொப்பமிடச் செய்ய வேண்டும். எமிஸ் பதிவோடு ஒப்பிடும் பணியை அலுவலக உதவியாளரோடு சேர்ந்து நானும் செய்வேன். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் மூன்று வாரமாகப் பழுதாகி, குடத்தில் தண்ணீர் சுமந்து கொண்டிருக்கிறார்கள். அதைச் சரிசெய்யும் தீர்மானத்தை வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்கிறேன். அதற்கு மட்டும் புதியவருக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

நான் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும், காரணத்தோடும் தேதியோடும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பேன். அது அலுவலகத்தில் இருக்கும், நீங்கள் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். புதியவர் வரும் நாளில் சாவிக்கொத்தோடு அதையும் அவர் கையில் கொடுப்பேன். மாற்ற வேண்டியது இருந்தால், எதற்காகச் செய்தோம் என்று தெரிந்து அவர் மாற்றட்டும்.

இங்கே என்னைவிட வயதில் மூத்தவர்கள் ஐந்து பேர் இருக்கிறீர்கள். பாடம் நடத்தும் முறையை உங்களிடம் கற்றவள் நான். என் முடிவு தவறென்று பட்டால் என் அறைக்கு வந்து சொல்லுங்கள், ஐயா. கதவு திறந்தே இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு அ பிரிவுக்கு இயற்பியலை நானே தொடர்ந்து நடத்துவதால், முதல் இரண்டு பாடவேளை மட்டும் வகுப்பில் இருப்பேன்.

பெயர்ப்பட்டியல் நகல்கள் என்னிடம் தயாராக உள்ளன. வகுப்பாசிரியர்கள் கூட்டம் முடிந்ததும் பெற்றுக்கொண்டு, வியாழன் மாலை நான்கு மணிக்குள் திருத்தங்களோடு திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். நன்றி.