ஒரு புள்ளி

முருகன்குறிச்சிப் பக்கம் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் அந்தத் தகரப் பலகை என் கண்ணில் படும். நீல நிறப் பலகை, வெள்ளை எனாமல் எழுத்து.

‘இங்கு கிழிந்த துணிகள் நல்ல முறையில் தைத்து தரப்படும்.’

“ரெண்டு தப்பு இருக்கு” என்றேன் அன்றைக்கு.

இசக்கி நின்றுவிட்டான். எங்கள் விடுதியில் எனக்கு அறைத்தோழன் அவன். நான் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு, அவன் கணக்கு. “என்ன தப்ப கண்டுபிடிச்ச? படிச்சா புரியுதுலா?”

“புரிஞ்சா போதுமால? தைத்துத் தரப்படும்னு ஒற்று வரணும். அப்புறம், துணிகள்னு பன்மையில தொடங்கிட்டு தரப்படும்னு முடிக்கக் கூடாது. தரப்படுகின்றனன்னு இருக்கணும்.”

அவன் எதிர்ச்சாரியைக் கைகாட்டினான். சமையல்காரர் வீட்டு வாசலில் ஒரு பலகை. ‘விசேஷங்களுக்குப் பலகாரம் செய்து தரப்படும்.’

“அங்கயும் ஒற்று இல்ல. அதுவும் தப்பா?”

“அது சரி.”

“அதெப்படில? அதே தரப்படும்தான?”

இதைச் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. நடுத்தெரு என்றுகூடப் பார்க்காமல் விளக்கினேன். செய்து என்பதில் கடைசி உகரத்துக்கு முன்னால் நிற்பது ய், இடையினம். அதனால் பின்னால் ஒற்று மிகாது. தைத்து என்பதில் நிற்பது த், வல்லினம். வன்றொடர்க் குற்றியலுகரம். ‘எடுத்துச் சென்றான்’ போல அங்கே மிகுந்தே தீரும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே நாக்கு அந்த இடத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போகும்.

இசக்கி இரண்டையும் முணுமுணுத்துப் பார்த்தான். “செய்து தரப்படும். தைத்துத் தரப்படும். ஆமால, வருது.” ஒப்புக்கொண்ட பிறகும் முகம் தெளியவில்லை. “ஆனா, எழுதுனவன் தப்பா எழுதலன்னு தோணுது எனக்கு.”

“பலகையில இல்லையேல!”

“எங்கப்பா இருபது வருசம் போர்டு எழுதுனாரு. பிளெக்ஸ் வந்த பிறகுதான் பிரஷை கீழ வச்சாரு. மொதல்ல சாக்பீஸ்ல கோடு போட்டு, எத்தனை எழுத்து வருதுன்னு எண்ணி, எடம் பிரிச்சிட்டுத்தான் பெயிண்டத் தொடுவாரு. இந்த போர்ட பாரு. எல்லா வார்த்தைக்கு நடுவுலயும் ரெண்டு விரக்கடை. தைத்துக்கும் தரப்படும்க்கும் நடுவுல மட்டும் நாலு விரக்கடை எதுக்கு விட்டான்?”

பதில் சொல்லத் தெரியாமல், “பன்மை தப்பு தப்புதான்” என்று சொல்லிவிட்டு நடந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. அவன் அப்பாவைப் பற்றி நான் ஏதோ சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

ராத்திரி மெஸ்ஸில் உப்புமா. சாப்பிட்டு வந்து நன்னூலை எடுத்தேன். வினையியலில் என் கையாலேயே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்த நூற்பா அது. செய்யும் என்னும் முற்று பலர்பாலிலும், முன்னிலையிலும், தன்மையிலும்தான் வராது. அஃறிணையில் ஒருமை பன்மை இரண்டுக்கும் வரும். மரம் விழும், மரங்கள் விழும். துணி தரப்படும், துணிகள் தரப்படும். கோடு போட்டவனுக்கே மறந்துபோயிருக்கிறது.

இசக்கி போர்வைக்குள் இருந்தான். “ஏல, பன்மை சரிதான். நான் சொன்னதுதான் தப்பு” என்றேன்.

“ம். காலைல வெள்ளன கெளம்பு.”

காலையில் தையல்கார அண்ணாச்சி அப்போதுதான் கடை திறந்திருந்தார். ஸ்டூலைக் கேட்டு வாங்கி இசக்கி ஏறினான். கண்ணை மூடிக்கொண்டு அந்த நாலு விரக்கடை இடத்தில் விரலை ஓட்டினான். பிறகு என்னை ஏறச் சொன்னான்.

மழைத்தண்ணீர் வடிந்து வடிந்து துரு ஏறிய இடம். பெயிண்ட் உரிந்திருந்தது. ஆனால் எனாமல் உட்கார்ந்திருந்த ஓரம் நூல் பருமனுக்கு மேடாக விரலில் தட்டியது. மேலே ஒரு படுக்கைக் கோடு, இடப்பக்கம் இறங்கும் கோடு, கீழே வளைவு. த. அதன் தலைக்கு மேல் மிளகளவில் ஒரு மேடு.

“புள்ளி இருக்குலா?” என்று கீழேயிருந்து கேட்டான்.

“இருக்கு.”

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். “எழுதுனவரு போயி ஆறேழு வருசமாச்சு தம்பி. எழுத்து போயிருக்கா அதுல? நான் கவனிக்கவே இல்லையே.”

அந்த வார விடுமுறைக்கு ஊருக்குப் போன இசக்கி, திங்கட்கிழமை அவன் அப்பாவின் இரண்டாம் நம்பர் பிரஷைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். கால் லிட்டர் வெள்ளை எனாமலுக்கு ஆளுக்குப் பாதி காசு போட்டோம். அவன் துருவைத் தேய்த்து, நீலம் பூசிக் காயவிட்டு, மறுநாள் சாயங்காலம் சாக்பீஸ் கோட்டுக்குள் த எழுதினான். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

எழுதி முடித்ததும் குனிந்து பிரஷை என்னிடம் நீட்டினான்.

“புள்ளிய நீ வை.”