கால்வாயில் கிடந்த மெத்தை: குடியியல் நிகழ்வு ஆய்வு

2017 நவம்பர் 4, சனிக்கிழமை பினாங்கில் பிடித்த மழையும் காற்றும் விடிந்தும் ஓயவில்லை. ஏழு பேர் இறந்தனர். மாநில அரசு அந்த இரவிலேயே இராணுவத்தை உதவிக்கு அழைத்தது. அத்தகைய இரவுகள் அரிது. ஆனால் ஜார்ஜ்டவுனின் ஜாலான் பி. ரம்லி போன்ற தாழ்வான பகுதிகளில் கனமழையோடு கடல் பெருக்கும் சேர்ந்தால் போதும், நீர் வடிய வழியில்லாமல் வீட்டுக்குள் ஏறிவிடும். கீழே உள்ளது அப்படியோர் இடத்தில் நடப்பதாக வகுப்புக்காகப் புனைந்த நிகழ்வு.

குடியிருப்புக்குப் பின்னால் ஓடும் பெரிய கால்வாயில் யாரோ ஒரு மெத்தையைத் தள்ளிவிட்டிருந்தார்கள். தரைவீட்டுப் பாட்டி அதைப் பார்த்துக் குடியிருப்பாளர் சங்கச் செயலாளரிடம் சொன்னார்.

"குரூப்ல போட்டுட்டேன் பாட்டி, பார்த்துக்குவாங்க."

படத்துக்கு 40 கட்டைவிரல் விழுந்தது. ஊராட்சி மன்றத்துக்குப் புகார் போனது ஐந்து நாள் கழித்துத்தான். வந்த பதில்: "ஆறு எங்கள் பொறுப்பில்லை, வடிகால் நீர்ப்பாசனத் துறையைக் கேளுங்கள்." அது ஆறே இல்லை, கால்வாய்! இந்தக் குழப்பத்தில் நான்கு நாள் போனது. பத்தாம் நாள் இரவு பாட்டி வீட்டில் தண்ணீர் முழங்கால் அளவு. மகன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவர்தான் அவரை நாற்காலியோடு தூக்கிப் பள்ளி மண்டபத்தில் இயங்கிய நிவாரண மையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

யார் பிழை? மெத்தை போட்டவர் என்று சொல்லிவிடலாம். அது எளிய விடை, பாதிதான் சரி. 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி குடியிருப்புப் பகுதியின் பொது வடிகால்களைப் பராமரிப்பது ஊராட்சி மன்றத்தின் கடமை. 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தைப் பினாங்கு ஏற்காததால் குப்பை அகற்றுவதும் இங்கே மன்றத்தின் வேலையே. ஆக, வடிகால், குப்பை என எந்த வழியில் பார்த்தாலும் மெத்தை மன்றத்தின் கணக்கில்தான் வருகிறது.

வெள்ளம் வந்தபின் பொறுப்பு கை மாறுகிறது. மலேசியாவின் பேரிடர் மேலாண்மை ஏற்பாட்டின்படி, ஒரு மாவட்டத்துக்குள் அடங்கும் பேரிடரை மாவட்ட அளவிலான குழு கையாளும். பரவினால் மாநிலம், அதற்கும் மேல் மத்திய அரசு. 2015இல் தொடங்கிய நட்மா எனும் தேசியப் பேரிடர் மேலாண்மை அமைப்பு இவற்றை ஒருங்கிணைக்கிறது. தீயணைப்பு மீட்புத் துறையும் பொதுத் தற்காப்புப் படையும் களத்தில் நிற்கும். ஆனால் தரைவீட்டில் பாட்டி தனியாக இருப்பது எந்தக் குழுவுக்கும் தானாகத் தெரியாது. அன்று 999ஐ யாரும் அழைக்கவுமில்லை.

வகுப்பில் பேச: செயலாளர் முதல் நாளே என்ன செய்திருக்க வேண்டும்? மன்றம் தட்டிக்கழித்தபோது குடியிருப்பாளர் அடுத்து யாரிடம் போகலாம்? உங்கள் தாமானில் தனியாக இருக்கும் முதியவர்கள் எந்தெந்த வீட்டில் என்று உங்களுக்குத் தெரியுமா?