நகல் – எபிசோடு 4, கடைசிக் காட்சி

காட்சி 38. சார்பதிவாளர் அலுவலக வாசல். வெளி. மாலை 4.40.

(இதுவரை: மலரின் அப்பா மாரியப்பன் 2004 டிசம்பர் 26 சுனாமியில் போனவர். உடல் கிடைக்கவில்லை. ஆனால் 2011இல் அவரே வீட்டு மனையை விற்றதாகப் பத்திரம் இருக்கிறது. சித்தப்பா ஆள்மாறாட்டம் செய்தார் என்றே பார்வையாளர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை இங்கே உடைய வேண்டும்.)

வேப்பமர நிழலில் பத்திர எழுத்தர் ராஜகோபாலின் (62) மேசை. மலர் (27) சான்றிட்ட நகலை நீட்டுகிறாள்.

ராஜகோபால்: முன்பக்கத்த விடு பாப்பா. ஆள் மாறியிருந்தா பின்பக்கம் சொல்லிடும்.

தாளைத் திருப்பி, பூதக்கண்ணாடியை வைக்கிறார்.

ராஜகோபால்: ரேகை நல்லாத்தான் விழுந்திருக்கு. நடுவுல மட்டும் மை ஒட்டல.

க்ளோஸப்: இடது பெருவிரல் ரேகை. குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு.

(அப்பாவின் விரலைத் தங்கூசி அறுத்த தழும்பு. எபிசோடு 1இல் பார்த்த அதே கோணம், அதே நீளம். கலைப்பிரிவு புதிதாக வரைய வேண்டாம், அந்த அச்சையே கறுப்பு வெள்ளையில் எடுக்கவும். ஃபிளாஷ்பேக் கூடாது. மறந்தவர்களுக்காகத்தான் காட்சி 12இல் பழைய கடன் பத்திரத்து ரேகையை மலர் தடவிப் பார்க்கிறாள்.)

மலர்: மை ஒட்டாம இல்லங்கய்யா. அது வெட்டுக்காயம்.

ராஜகோபால் கண்ணாடியை மெல்லக் கீழே நகர்த்துகிறார்.

ராஜகோபால்: அப்ப இவர அடையாளம் காட்டுன சாட்சி ரெண்டு பேரு யாரு?

முதல் கையெழுத்து தெரியாத பெயர். இரண்டாவது: அஞ்சம்மாள். ‘ஞ்’ மேல் புள்ளிக்குப் பதில் சின்ன வட்டம். (எபிசோடு 2, மகளிர் குழு நோட்டில் அம்மா போட்ட அதே கையெழுத்து.)

மலரின் கை தாளை மூடுகிறது. ராஜகோபால் பெயரைப் படித்துவிட்டாரா என்பது தெரியக் கூடாது. போன் அடிக்கிறது. திரையில் ‘அம்மா’.

அம்மா (குரல்): எங்கடி இருக்க?

மலர்: கடைத்தெருவுல.

மறுமுனையில் கடல் இரைச்சல். 3 விநாடி.

அம்மா (குரல்): பின்பக்கம் பாத்துட்டியா?

மலரின் முகத்துக்குப் போகாமல், தாளை மூடிய கையிலேயே கட். கறுப்புத் திரை 2 விநாடி, இசை இல்லாமல், கடல் இரைச்சல் மட்டும். பிறகு டைட்டில்.

எடிட்டருக்கு: ‘அப்பா உயிரோட இருக்காரா’ என்ற கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. பார்ப்பவர் கேட்க வேண்டியதை நாம் கேட்டுவிட்டால் அவர் அடுத்ததைத் தட்ட மாட்டார். முன்னோட்டத்தில் அம்மாவின் முகம் வரவே கூடாது.

எபிசோடு 5 இதே மரத்தடியில், இதே போன் பேச்சில் தொடங்கும். அம்மாவுக்குத் தகவல் போன வழி காட்சி 31இலேயே இருக்கிறது: வாசலில் நின்ற மலரின் ஸ்கூட்டியைச் சித்தப்பா மகன் பார்த்துவிட்டுப் போகிறான். நீளம் கருதி அந்த 4 விநாடி ஷாட்டை வெட்டினால், இங்கே அம்மாவின் கேள்வி வெறும் மாயமாகிவிடும். அம்மா ஏன் கையெழுத்திட்டாள் என்பதை முதல் 3 நிமிடத்துக்குள் சொல்லிவிடுகிறோம். அப்பா எங்கே என்பது 7 வரை போகும்.